ஊட்டிக் குளிரில் ஃபீனாலும் நீரும்: மாறுநிலைக் கரைசல் வெப்பநிலையைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பி.எஸ்சி. வேதியியல் செய்முறையில் ஃபீனால்–நீர் சோதனை பார்க்க எளிது. ஒரு குழாய், ஒரு தெர்மாமீட்டர், சூடாக்கு, ஆறவிடு, எழுது. ஆனால் ஊட்டியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வருடா வருடம் இதைச் செய்ய வைக்கும்போது, பாதிப் பேருக்கு மேல் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். சில தடுக்கல்கள் எங்கும் இருப்பவை, சில இந்த மலைக்கே உரியவை. இரண்டையும் சேர்த்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. எதை அளக்கப் போகிறோம்?

அறை வெப்பநிலையில் ஃபீனாலையும் நீரையும் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு என்ற எடையில் கலந்து வைத்தால் இரண்டு அடுக்காக நிற்கும். மேலே இருப்பது சுத்தமான நீரும் இல்லை, கீழே இருப்பது சுத்தமான ஃபீனாலும் இல்லை. 20 °செ-ல் மேல் அடுக்கில் எடைப்படி சுமார் 8.4 சதவீதம் ஃபீனால் இருக்கும். கீழ் அடுக்கில் சுமார் 72 சதவீதம் ஃபீனால், மீதி நீர். ஒன்று ஃபீனாலால் நிறைவுற்ற நீர், மற்றது நீரால் நிறைவுற்ற ஃபீனால். இதனால்தான் இவற்றைப் பகுதியளவு கலக்கும் திரவங்கள் என்கிறோம்.

சூடாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அதிகமாகக் கரைத்துக்கொள்ளும். ஒரு வெப்பநிலையில் அடுக்கு மறைந்து, குழாய் முழுக்க ஒரே தெளிந்த திரவமாகும். அந்த வெப்பநிலை அந்தக் குழாயில் இருக்கும் கலவையின் கலப்பு வெப்பநிலை மட்டுமே. கலவையின் விகிதத்தை மாற்றினால் அதுவும் மாறும்.

மாறுநிலைக் கரைசல் வெப்பநிலை அப்படி இல்லை. எல்லா விகிதங்களுக்கும் கலப்பு வெப்பநிலையைக் கண்டு வரைந்தால் ஒரு குன்று போல வளைகோடு வரும், அதன் உச்சிதான் இது. அதற்கு மேலே ஃபீனாலும் நீரும் எந்த விகிதத்திலும் கலக்கும். ஃபீனால்–நீருக்கு அது 66 °செ-ஐ ஒட்டி இருக்கிறது, புத்தகங்கள் 66.8 என்ற மதிப்பைக் கொடுப்பது வழக்கம். ஒரே ஒரு குழாய் 60 டிகிரியில் தெளிந்ததைப் பார்த்துவிட்டு "சார், சி.எஸ்.டி. 60" என்று நோட்டில் எழுதி வருபவர்கள்தான் அதிகம். அது குன்றின் சரிவில் ஒரு புள்ளி, உச்சி இல்லை. இந்த வேறுபாடு மனதில் இருந்தால்தான் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று புரியும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

25 மி.மீ. அகலமுள்ள ஒரு கொதிகுழாய். அது உள்ளே தளர்வாக உட்காரும்படி இன்னொரு பெரிய குழாய். இரண்டு துளைகள் உள்ள ஒரு கார்க், ஒரு துளையில் தெர்மாமீட்டர், மற்றதில் நுனி வளையமாக வளைத்த கண்ணாடிக் கலக்கி. அரை லிட்டர் பீக்கரில் நீர்த்தொட்டி. நீர் அளக்க பியூரெட், எடைபோடத் தராசு. தெர்மாமீட்டரில் அரை டிகிரியாவது பிரித்துப் படிக்க முடிய வேண்டும். வடித்த நீர் கட்டாயம், குழாய் நீர் ஆகாது. காரணம் 8-ஆம் படியில்.

இன்னொன்று, ஒரு வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வகத்தில் பத்தரை மணிக்கு மேகம் ஜன்னல் வரை வந்து நிற்கும், வெளிச்சமே பால் போல் இருக்கும். அந்த வெளிச்சத்தில் குழாய் கலங்கியதா, ஜன்னல் கலங்கியதா என்று தெரியாது. குழாய்க்குப் பின்னால் அந்தக் குறியை வைத்தால், குறி கூர்மையாகத் தெரிந்தால் தெளிவு, மங்கினால் கலங்கல். எல்லோருக்கும் ஒரே அளவுகோல்.

ஃபீனாலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இது தோலைச் சுடும், ஆனால் சுடுவது உடனே தெரியாது. பட்ட இடம் மரத்துப்போய் வெளுக்கும். வலிக்கவில்லையே என்று விட்டுவிட்டால் ஆழமாக இறங்கும், உடலுக்குள்ளும் உறிஞ்சப்படும். கையுறை, கண்ணாடி, முழுக்கை கோட் இல்லாமல் புட்டியைத் திறக்க வேண்டாம். ஆய்வகத்துக் கையுறையில் ஃபீனால் தெறித்தால் துடைத்துவிட்டுத் தொடராதீர்கள், கழற்றிப் புதியது போடுங்கள், ஏனென்றால் மெல்லிய ரப்பரை அது ஊடுருவும். தோலில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் தாராளமாகக் கழுவி, உடனே ஆசிரியரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். குளிரில் நீர் கையை வெட்டும்தான். அதற்காக இரண்டு கை நீரோடு நிறுத்திவிடக் கூடாது, கொஞ்ச நீர் ஃபீனாலைப் பரப்பத்தான் செய்யும்.

3. ஃபீனாலை எடைபோடுவது

சுத்தமான ஃபீனால் சுமார் 41 °செ-ல் உருகும். கீழே கோயம்புத்தூரில் மே மாதத்தில்கூட அது புட்டியில் கட்டியாகத்தான் இருக்கும், இங்கே 12 டிகிரி காலையில் கல்லாகவே இருக்கும். புதிதாக வருபவர்கள் கரண்டியால் குத்திப் பெயர்ப்பார்கள். துணுக்கு தெறிக்கும், அது விழும் இடம் பெரும்பாலும் மணிக்கட்டு.

அதனால் நாங்கள் முதலிலேயே நீர்த்த ஃபீனால் தயாரித்து வைத்துவிடுகிறோம். புட்டி மூடியைத் தளர்த்தி, 55 டிகிரி சுடுநீரில் நிறுத்தி முழுக்க உருக்கி, 100 கிராம் ஃபீனாலுக்கு 25 கிராம் வடித்த நீர் சேர்த்தால் 80 சதவீதக் கரைசல். இது அறை வெப்பநிலையில் ஒரே அடுக்காக, தெளிவாக நிற்கும். 72 சதவீதத்துக்கு மேலே ஃபீனால் இருப்பதால் அந்த நீர் முழுவதும் ஃபீனாலுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. கடும் குளிர் விடியலில் இதிலும் படிகம் இறங்கியிருக்கலாம். அப்படி இருந்தால் மேலே நிற்கும் திரவத்தை மட்டும் எடுக்காதீர்கள், அதன் இயைபு 80 இல்லை. வெதுவெதுப்பான நீரில் வைத்து எல்லாம் கரைந்து, குலுக்கிய பிறகே எடுக்க வேண்டும்.

இதில் 6.25 கிராம் கொதிகுழாயில் எடைபோடுங்கள். உள்ளே 5 கிராம் ஃபீனாலும் 1.25 கிராம் நீரும் இருக்கும்.

அந்த 1.25-ஐ மறப்பதுதான் இந்தச் சோதனையில் நான் பார்த்த மிகப் பொதுவான கணக்குப் பிழை. 6.25-ஐயும் ஃபீனால் என்றே எழுதிவிடுவார்கள். பியூரெட்டிலிருந்து 8.75 மி.லி. நீர் விட்ட நிலையில் உண்மையான ஃபீனால் 15 கிராமில் 5, அதாவது 33.3 சதவீதம். மறந்தவர் கணக்கில் 15-ல் 6.25, அதாவது 41.7. வெப்பநிலை சரியாக 66-ஐ ஒட்டி வந்து, உச்சியின் இயைபு மட்டும் 42 பக்கம் போயிருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், இதுதான்.

4. கருவியைக் கோர்ப்பது

எடைபோட்ட குழாயில் பியூரெட்டிலிருந்து முதலில் 1.75 மி.லி. நீர் விடுங்கள். ஏற்கெனவே உள்ள 1.25-உடன் சேர்ந்து மொத்தம் 3 கிராம் நீர். இனி முழு எண்ணாகக் கூட்டிக்கொண்டு போகலாம், கணக்கில் தலை சுற்றாது.

தெர்மாமீட்டரின் குமிழ் திரவத்துக்குள் முழுக்க முங்க வேண்டும், அடியைத் தொடக் கூடாது. கார்க்கைப் போட மறக்காதீர்கள். திறந்த குழாயில் ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் நீர் ஆவியாகிப் போகும், ஃபீனாலும் கொஞ்சம் கூடவே போகும். பத்துப் புள்ளி எடுத்து முடிப்பதற்குள் நீங்கள் எழுதிய இயைபு குழாயில் இருக்காது.

இந்தக் குழாயைப் பெரிய குழாய்க்குள் வைத்து, இரண்டையும் நீர்த்தொட்டியில் இறக்குங்கள். நடுவில் உள்ள காற்று ஒரு போர்வை. சமவெளியில் சிலர் இதைத் தவிர்த்துவிட்டும் ஒப்பேற்றுவார்கள், இங்கே முடியாது. 12 டிகிரி அறையில் 67 டிகிரிக் குழாயை வெறுமனே வெளியே எடுத்தால் தெர்மாமீட்டர் படிக்குமுன்னே சரசரவென்று இறங்கிவிடும்.

5. சூடாக்குதல்: எப்போது தெளிந்தது?

நீர்த்தொட்டியை மெதுவாகச் சூடாக்குங்கள், விடாமல் கலக்குங்கள். முதலில் குழாய் வெண்ணெய் எடுத்த மோர் போல இருக்கும். கலப்பு வெப்பநிலை நெருங்கும்போது மோர் நீர்த்து, கலக்கி நகரும் பாதையில் மட்டும் மெல்லிய புகை போல இழைகள் தெரியும். பின்னால் உள்ள பெருக்கல் குறி முதல் தடவை கூர்மையாகத் தெரியும் அந்த நொடியில் வெப்பநிலையைக் குறியுங்கள்.

கடைசி ஐந்து டிகிரியில் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற வேண்டாம். வேகமாக ஏற்றினால் துளிகள் கரைந்து முடிப்பதற்குள் திரவம் சூடாகிவிடும், தெளியும் வெப்பநிலை கூடுதலாக வரும். அவசரக்காரர்களின் வளைகோடு எப்போதும் ஒன்றிரண்டு டிகிரி மேலே மிதப்பது இதனால்தான்.

6. ஆறவிடுதல்: எப்போது கலங்கியது?

தெளிந்ததும் அடுப்பை அணைத்து, குழாயைக் காற்றுப் போர்வையோடு தொட்டியிலேயே விட்டு ஆறவிடுங்கள். கலக்குவதை நிறுத்தாதீர்கள். குறி மங்கத் தொடங்கும் வெப்பநிலையை எழுதுங்கள். தெளிந்ததற்கும் கலங்கியதற்கும் சராசரிதான் அந்தக் கலவையின் கலப்பு வெப்பநிலை. ஒரு பிழை மேலே இழுக்கும், மற்றது கீழே இழுக்கும், சராசரியில் ஓரளவு கழிந்துவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல் போனால் அந்தப் புள்ளியை மெதுவாகத் திரும்ப எடுங்கள்.

சிலருக்குத் தலைகீழாக வரும். தெளிந்தது 65 என்றும் கலங்கியது 66.5 என்றும் எழுதியிருப்பார்கள். கலக்காமல் ஆறவிட்டதன் அடையாளம் இது. கண்ணாடிச் சுவரை ஒட்டிய திரவம் முதலில் குளிர்ந்து கலங்கிவிட்டது, நடுவில் இருக்கும் தெர்மாமீட்டர் இன்னும் சூடாக இருக்கிறது. மலைக்குளிரில் இது அடிக்கடி நடக்கும்.

உச்சியை ஒட்டிய கலவைகளில் வேறொரு ஏமாற்று உண்டு. முழுக்கக் கலங்குவதற்கு முன்னாலேயே திரவத்தில் ஒரு நீலப் பூச்சு வரும். விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அதே திரவம் பழுப்பு, பக்கவாட்டில் பார்த்தால் நீலம். போன வருடம் ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, "சார், கலங்கிடுச்சா, இல்லையா? ஒரு பக்கம் நீலமா இருக்கு, குறி மட்டும் தெரியுது" என்றாள். "குறி தெரியுதுல்ல, அப்ப இன்னும் கலங்கலம்மா, காத்திரு" என்றேன். அரை டிகிரி கழித்துத்தான் குறி மறைந்தது.

அந்த நீலம் பழுது இல்லை. உச்சிக்கு அருகில் ஃபீனால் கூடுதலாக உள்ள இடங்களும் நீர் கூடுதலாக உள்ள இடங்களும் உருவாவதும் கலைவதுமாக இருக்கும். அவை ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்குப் பெரிதாகும்போது இந்த ஒளிர்வு தெரியும். நீலம் கண்ணில் பட்டாலே உச்சிக்கு மிக அருகில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

7. நீரைக் கூட்டி, புள்ளிகளைச் சேர்த்து, உச்சியைக் காண்பது

ஒரு புள்ளி முடிந்ததும் அதே குழாயில் நீரைக் கூட்டி, 5, 6 படிகளைத் திரும்பச் செய்யுங்கள். ஃபீனால் 5 கிராமாகவே இருப்பதால் கணக்கு ஒரே வரி:

```
ஃபீனால் % = 500 / (5 + மொத்த நீர், கிராமில்)
```

கவனமாகச் செய்த ஒரு தொடரில் எங்களுக்குக் கிடைத்தவை இவை, எல்லாம் சராசரி வெப்பநிலைகள்:

| மொத்த நீர், கிராம் | ஃபீனால் % | வெப்பநிலை, °செ |
|---|---|---|
| 3 | 62.5 | 50.0 |
| 4 | 55.6 | 59.5 |
| 5 | 50.0 | 63.4 |
| 6 | 45.5 | 65.1 |
| 8 | 38.5 | 66.5 |
| 10 | 33.3 | 66.6 |
| 12 | 29.4 | 66.3 |
| 15 | 25.0 | 65.4 |
| 20 | 20.0 | 63.0 |
| 25 | 16.7 | 60.0 |
| 35 | 12.5 | 52.0 |

ஓரத்தையும் நடுவையும் பாருங்கள். 3 கிராமிலிருந்து 4 கிராமுக்குப் போனதில் வெப்பநிலை 9.5 டிகிரி ஏறியது. 8-லிருந்து 10-க்குப் போனதில் 0.1 டிகிரிதான் அசைந்தது. ஏறும் வரை ஏற்றி, இறங்கத் தொடங்கியதும் "உச்சி வந்துவிட்டது" என்று நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். இறங்கும் சரிவில் நான்கு புள்ளியாவது இல்லாமல் உச்சி எங்கே என்று சொல்ல முடியாது.

வரைபடத்தில் கிடைமட்டமாகச் சதவீதம், செங்குத்தாக வெப்பநிலை. புள்ளிகளை அளவுகோல் வைத்துக் கோடுகளாக இணைக்காமல், கையால் வழுவழுப்பான வளைவாக வரையுங்கள். உச்சியின் உயரம் சுமார் 66.7 என்று எளிதில் படிக்கலாம். அது எந்தச் சதவீதத்தில் என்பதுதான் சிக்கல். 30-லிருந்து 40 வரை குன்றின் தலை மேசை போலத் தட்டையாக இருக்கிறது. கண்ணால் பார்த்து ஒருவர் 32 என்பார், அடுத்தவர் 39 என்பார், இருவர் சொல்வதையும் மறுக்க முடியாது.

இதற்கு ஒரு வழி உண்டு, எங்கள் மாணவர்களில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உச்சிக்குக் கீழே சில கிடைக்கோடுகள் போட்டு, ஒவ்வொன்றும் வளைகோட்டை வெட்டும் இரண்டு இடங்களின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். எங்கள் வளைகோட்டில் 60 டிகிரியில் வெட்டுமிடங்கள் 16.7-ம் 55-ம், நடு 35.9. 55 டிகிரியில் 13.9-ம் 59.2-ம், நடு 36.6. 65-ல் 23.9-ம் 45.8-ம், நடு 34.9. இந்த நடுப்புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில், மேலே போகப் போக இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தக் கோட்டை உச்சி வரை நீட்டினால் 34-க்கும் 35-க்கும் நடுவில் போய் முட்டும். அதுதான் மாறுநிலை இயைபு. தட்டையான தலையைக் கண்ணால் அளப்பதைவிட, செங்குத்தான சரிவுகளைக் கொண்டு அளப்பது நம்பகமானது.

இந்தக் கிடைக்கோடுகள் வெறும் வரைபடத் தந்திரம் இல்லை. ஒவ்வொரு கோட்டின் இரண்டு முனையும் அந்த வெப்பநிலையில் குழாயில் நிற்கும் இரண்டு அடுக்குகளின் இயைபு. 20 டிகிரிக்கான கோடு 8.4-லிருந்து 72 வரை. நமது 5 கிராம் ஃபீனால், 10 கிராம் நீர் கலவை 33.3-ல் இருக்கிறது. மேல் அடுக்கின் பங்கு, கலவையிலிருந்து எதிர் முனை வரையுள்ள தூரத்தைக் கோட்டின் முழு நீளத்தால் வகுத்தால் வரும்: 38.7-ஐ 63.6-ஆல் வகுத்தால் 0.61. ஆக 15 கிராமில் மேல் அடுக்கு 9.1 கிராம், அதில் ஃபீனால் சுமார் 0.77. கீழ் அடுக்கு 5.9 கிராம், அதில் ஃபீனால் சுமார் 4.23. கூட்டினால் 5 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இன்னும் நீர் ஊற்றினால் அடுக்குகளின் அளவுதான் மாறும். இரண்டு அடுக்கும் இருக்கும்வரை அவற்றின் இயைபு மாறாது, வெப்பநிலை மாறினால்தான் மாறும்.

சூடேறச் சூடேற கிடைக்கோடு குட்டையாகிக்கொண்டே போகிறது, அதாவது இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. உச்சியில் கோட்டின் நீளம் பூச்சியம். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இயைபிலோ அடர்த்தியிலோ எந்த வித்தியாசமும் இல்லை. மாறுநிலை என்ற சொல்லுக்குப் பொருள் இதுதான்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். மூன்று குழாய்களில் 20, 34, 50 சதவீதக் கலவைகளை வைத்து, இந்த முறை கலக்காமல், மிக மெதுவாகச் சூடாக்குங்கள். 20 சதவீதக் குழாயில் பிரிகோடு கீழே இறங்கிக்கொண்டே போய் அடியில் மறையும், ஃபீனால் அடுக்கு நீருக்குள் கரைந்து தீர்கிறது. 50-ல் பிரிகோடு மேலே ஏறி மறையும். 34-ல் மட்டும் கோடு எங்கும் போகாது. நடுவிலேயே நின்று, மங்கி, இருந்த இடத்திலேயே இல்லாமல் போகும். ஒரு மணி நேரம் பொறுமை வேண்டும், ஆனால் வகுப்பில் எத்தனை முறை பலகையில் வரைந்தாலும் வராத தெளிவு அந்த ஒரு குழாயில் வரும்.

8. விடை தப்பாக வந்தால் எங்கே பார்ப்பது

உச்சி 70-க்கு மேல் போனால் முதலில் உப்பைச் சந்தேகியுங்கள். உப்பு நீரில் கரையும், ஃபீனாலில் கரையாது. நீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்வதால் ஃபீனாலுக்கு அங்கே இடம் குறைகிறது, கலக்கக் கூடுதல் சூடு வேண்டியிருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு 0.1 மோலார் இருந்தாலே சுமார் 8 டிகிரி ஏறிவிடும். குழாய் நீரை வேண்டாம் என்றதும், முந்தைய வகுப்பினர் உப்புக் கரைசல் வைத்திருந்த பியூரெட்டை நன்றாக அலசச் சொல்வதும் இதனால்தான். நாஃப்தலீன் போல ஃபீனாலில் மட்டும் கரைவதும் இப்படியே ஏற்றும்.

உச்சி கீழே இறங்கினால், சோப்பு. இரண்டு பக்கமும் ஒட்டக்கூடிய பொருள் கலப்பை எளிதாக்கிவிடும். குளிர்நீரில் விரல் விறைக்கும்போது குழாயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு ஒரே அலசலில் வைத்துவிடுவது இங்கே சகஜம். சக்சினிக் அமிலமும் இப்படித்தான் இறக்கும். இந்த ஏற்ற இறக்கத்தையே வைத்து, தெரியாத கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் செய்முறையும் உண்டு. ஆனால் சுத்தமான நீரில் உங்கள் கைக்கு என்ன மதிப்பு வருகிறது என்று தெரியாமல் அதற்குப் போவதில் பயனில்லை.

இனி மலைக்கே உரிய ஒன்று. ஒரு வருடம் இரண்டு மாணவர்கள் 74 என்று கொண்டுவந்தார்கள். புள்ளிகள் அழகு, வளைவு அழகு, எல்லாம் சரியாக ஏழரை டிகிரி மேலே. உப்பா என்று பார்த்தோம், இல்லை. கடைசியில் ஒருவன் சொன்னான்: "சார், தெர்மாமீட்டரைச் சரிபார்த்துட்டுத்தான் செஞ்சோம். கொதிக்கிற தண்ணில 92.5 தான் காட்டுச்சு. அதனால ஏழரை கூட்டிக்கிட்டோம்."

தெர்மாமீட்டரில் ஒரு குறையும் இல்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே நீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். இந்த ஊரில் கொதிநீரை 100 என்று வைத்துச் சரிபார்க்கக் கூடாது. உருகும் பனிக்கட்டியில் 0 காட்டுகிறதா என்று பாருங்கள், அது போதும்.

இதன் மறுபக்கமாக இன்னொரு கேள்வியும் வரும். கொதிநிலை ஏழெட்டு டிகிரி குறையும்போது மாறுநிலைக் கரைசல் வெப்பநிலையும் இங்கே குறையாதா? குறையாது. கொதிப்பதில் திரவம் ஆவியாகிறது, காற்றழுத்தத்தை எதிர்த்து நிறையக் கன அளவு விரிய வேண்டும். இரண்டு திரவங்கள் கலப்பதில் கன அளவு மாற்றம் மிகச் சிறியது. மலைக்கும் சமவெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் நமது தெர்மாமீட்டரில் தெரியும் அளவுக்கு அதை நகர்த்தாது. மேட்டுப்பாளையத்திலும் அதே 66-தான்.

ஊர் மாறினால் காட்சி மாறும் ஜோடி வேறு ஒன்று இருக்கிறது, டிரை எத்தில் அமீனும் நீரும். அது நேர் எதிர்: குளிரில் கலக்கும், சூடானால் பிரியும். அதன் கீழ் மாறுநிலை சுமார் 18.5 °செ. எங்கள் மேசையில் காலையில் ஒரே தெளிந்த திரவமாக நிற்கும் அந்தக் குழாயை மூடி கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் அங்கே இரண்டு அடுக்காகியிருக்கும். குளிரில் அமீனும் நீரும் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன, சூடு அந்தப் பிடியை விடுவித்துவிடுகிறது. வாடை தாங்காது என்பதால் இதை வெளியேற்றும் அலமாரிக்குள்தான் காட்டுவேன்.

9. முடித்த பிறகு

குழாயை ஆறவிட்டுக் கைகழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது, மேல் அடுக்கைக்கூட. அதிலும் 8 சதவீதம் ஃபீனால் இருக்கிறது என்பதை வரைபடத்தில் நீங்களே பார்த்தீர்கள். ஊற்றினால் அது சாக்கடை வழியாக ஓடைக்குத்தான் போகும். எல்லாவற்றையும் 'ஃபீனால் கழிவு' என்று எழுதிய கண்ணாடிப் புட்டியில் ஊற்றி மூடுங்கள். குழாயைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் அலசி, அந்த அலசல் நீரையும் அதே புட்டியில் சேருங்கள். குளிர்நீரில் அலசினால் சுவரில் ஒட்டிய ஃபீனால் அடுக்கு கரையாமல் எண்ணெய்த் துளியாக அங்கேயே நிற்கும், அடுத்து அந்தக் குழாயை எடுப்பவர் கையில் அது படும்.